நாளைக்குச் சாப்பாடு வேண்டாம்: மாதச் சந்தாவில் லீவு விதியை எப்படி வைப்பது?

கேள்வி: வீட்டில் சமைத்து மாணவர்களுக்கும் வேலைக்குப் போகும் பேச்சிலர்களுக்கும் மாதச் சந்தாவில் மதியச் சாப்பாடு கொடுக்கிறேன். 30 பேர் இருக்கிறார்கள். வாரா வாரம் மெனு போடுகிறேன். ஆனால் "இன்னைக்கு வேண்டாம்", "நாளைக்கு வேண்டாம்" என்று நினைத்த நேரத்தில் சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் பணத்தைக் கழிக்கச் சொல்கிறார்கள். அவர்களும் கோபப்படாமல், எனக்கும் நஷ்டம் வராமல் லீவு விதியை எப்படி வைப்பது?

பதில்:

முதலில் மாதக் கணக்கை விடுங்கள். "மாதத்துக்கு இவ்வளவு" என்று வாங்கும்வரை, ஒவ்வொரு லீவும் மாதக் கடைசியில் கழிவுப் பேரமாகத்தான் வந்து நிற்கும். பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் ஒரே பணமா என்று கேட்பார்கள், பண்டிகை நாளைக் கழித்தீர்களா என்று கேட்பார்கள். அதற்குப் பதிலாக "24 சாப்பாட்டுக்கு இவ்வளவு" என்று வாங்குங்கள். சாப்பாடு போன நாளில் ஒன்று குறையும். நேரத்தோடு லீவு சொன்ன நாளில் குறையாது. பணம் திருப்பித் தருவது என்ற பேச்சே அன்றாடத்தில் எழாது, மிச்சச் சாப்பாடுதான் அடுத்த நாளுக்கு நகரும்.

எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதாது, முடிவுத் தேதியும் வேண்டும். 24 சாப்பாட்டை மூன்று மாதத்துக்கு இழுப்பவர் ஒருவராவது எந்தக் குழுவிலும் இருப்பார். எத்தனை வாரம் கொடுக்கலாம் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் 30 பேரை வைத்தே போட்டுப் பார்ப்போம். எந்த ஊர்ப் பணமானாலும் பொருந்தும்படி, ஒரு சாப்பாட்டின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். பங்குகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் செலவுக் குறிப்பைப் பார்த்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அரிசி, பருப்பு, காய், எண்ணெய் ஆகியவற்றுக்கு 45 பங்கு. டப்பா, எரிவாயுவுக்கு 10. இந்த 55 பங்கும் சமைத்தால்தான் செலவாகும். உதவியாள் சம்பளம், டெலிவரிப் பையனின் சம்பளம், இட வாடகை எல்லாம் சேர்த்து 35 பங்கு. இது எத்தனை டப்பா போனாலும் மாறாது. மீதி 10 பங்கு லாபம்.

வாரத்துக்கு ஆறு நாள், நாலு வாரம், யாரும் லீவு எடுக்கவில்லை என்றால் 30 பேருக்கு 720 சாப்பாடு. மாறாத செலவு 720 × 35 = 25,200 பங்கு. லாபம் 7,200 பங்கு. இப்போது ஆளுக்கு 4 நாள் லீவு எடுக்கிறார்கள் என்று வையுங்கள். 600 சாப்பாடுதான் போகிறது. ஒவ்வொரு சாப்பாட்டிலும் சமையல் செலவு போக நிற்பது 45 பங்கு, ஆக 27,000. அதில் மாறாத செலவு 25,200 போனால் மிச்சம் 1,800. சாப்பாட்டு எண்ணிக்கை ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்கு, லாபம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 25,200-ஐ 45-ஆல் வகுத்தால் 560. நாலு வாரத்தில் 560 சாப்பாட்டுக்குக் கீழே போனால் கைக்காசு போட வேண்டியிருக்கும்.

இந்த 560-ஐ வைத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். 24 சாப்பாட்டை 5 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால், 30 சாப்பாட்டு நாளில் 6 நாள் லீவு கிடைக்கிறது. எல்லாரும் அந்த ஆறையும் எடுத்தால்கூட நாலு வாரத்துக்குச் சராசரியாக 576 சாப்பாடு போகும். நூலிழையில் தப்பிக்கிறீர்கள். 6 வாரம் கொடுத்து, எல்லாரும் லீவை முழுக்க எடுத்தால் அது 480 ஆகி 3,600 பங்கு நஷ்டம். அதனால் இந்தச் செலவு அமைப்புக்கு 24 சாப்பாடு, 35 நாள் என்பதுதான் என் பரிந்துரை. ஆறு லீவு என்பது வாடிக்கையாளர் கண்ணுக்கும் தாராளமாகவே தெரியும். விலையை நிர்ணயிக்கும்போது 720-ஐ நம்பாமல் 600 சாப்பாடு போகும் என்று வைத்துப் போடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சந்தாப் பணம் முன்கூட்டியே வருவதால், லீவு அதிகமாக எடுத்த மாதத்தில்தான் கையில் பணம் நிறைய இருப்பதுபோல் தெரியும். 72,000 பங்கு வாங்கிவிட்டீர்கள், 600 சாப்பாடு கொடுத்தீர்கள். கொடுக்காத 120 சாப்பாட்டின் 12,000 பங்கு உங்கள் பணம் இல்லை, அது நீங்கள் சமைத்துத் தர வேண்டிய கடன். அதை எடுத்துப் பாத்திரம் வாங்கிவிட்டால் அடுத்த மாதம் அரிசி வாங்கக் கையைப் பிசைவீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாருடைய மிச்சச் சாப்பாட்டையும் கூட்டி, அந்தத் தொகையாவது கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது லீவு சொல்லும் கடைசி நேரம். இதை ஆளாளுக்குத் தோன்றியபடி வைக்கிறார்கள், பிறகு காப்பாற்ற முடிவதில்லை. சமையலறையில் எந்த நேரத்தில் பொருளைத் திரும்பப் பெற முடியாமல் போகிறதோ, அதற்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும் அந்த நேரம். மதியம் 12.30-க்கு டப்பா போய்ச் சேர வேண்டும் என்றால் 11.30-க்குக் கட்டி முடிக்க வேண்டும். காலை 7 மணிக்கு அடுப்பு பற்ற வேண்டும். கொண்டைக்கடலையோ ராஜ்மாவோ மறுநாள் மெனுவில் இருந்தால் எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும், அதாவது முந்தைய இரவு 9 மணிக்கு அளந்து தண்ணீரில் போட்டாக வேண்டும். காய் வாங்கப் போவது மாலை 7 மணிக்கு. ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு லீவு சொல்லக் கடைசி நேரம் முந்தைய நாள் மாலை 6 மணி. பின்னால் இரவுச் சாப்பாடும் தொடங்கினால், அதற்கு அன்று காலை 11 மணி சரியாக வரும். கொண்டைக்கடலை நாளுக்கு ஒரு நேரம், மற்ற நாளுக்கு ஒரு நேரம் என்று வைக்காதீர்கள். இருப்பதிலேயே முந்திய நேரத்தை எல்லா நாளுக்கும் வைத்துவிட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

6 மணிக்கு மேல் சொன்னால் என்ன செய்வது? அந்தச் சாப்பாடு கணக்கில் கழியும். ஆனால் அவர் விரும்பினால் அறைத் தோழருக்கோ அலுவலகத்தில் வேறொருவருக்கோ கொடுக்கச் சொல்லலாம், டெலிவரி அதே வழித்தடத்தில் இருந்தால் போதும். இந்த ஒரு வரி பாதிக் கோபத்தைத் தணித்துவிடும், உங்களுக்கு ஒரு காசும் செலவில்லை.

"மதியம் எடுக்காததை இரவுக்கு வைத்துக்கொடுங்கள்" என்று கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது, 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு. சோற்றில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்த பிறகும் பிழைத்திருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. கட்டிவைத்த டப்பா அந்த வெதுவெதுப்பைப் பல மணி நேரம் காக்கும். ஒருவருடைய ஒரு சாப்பாட்டுக்காக 30 பேரின் நம்பிக்கையைப் பணயம் வைக்க வேண்டாம்.

வார மெனுவுக்கு வருகிறேன். லீவு விதியும் மெனுவும் தனித்தனி விஷயங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு நாள் மெனுவையும் முன்கூட்டியே காட்டினால், பிடிக்காத நாளைப் பார்த்து லீவு போடுவார்கள். அதற்காக மெனுவை மறைப்பதும் தப்பு, தினமும் காலையில்தான் சொல்வேன் என்பதும் தப்பு. மெனு தெரியாதவர் சந்தேகத்துக்கே லீவு போட்டுவிடுவார். மெனுவைச் சனிக்கிழமை மாலை போடுங்கள், ஞாயிறு மாலை 6 மணிக்குள் திங்களுக்கு லீவு சொல்ல ஒரு முழு நாள் இருக்கட்டும். ஒவ்வொரு வாரமும் ஒரே அமைப்பில் போடுங்கள். கண் பழகிய இடத்தில் தேதியும் நேரமும் இருந்தால்தான் படிப்பார்கள். இப்படி:

> 8 திங்கள் முதல் 13 சனி வரை, மதியம்
> திங்கள்: சோறு, பருப்பு, கோஸ்
> செவ்வாய்: சோறு, கொண்டைக்கடலைக் குழம்பு, கீரை
> புதன்: சோறு, தக்காளிக் குழம்பு, முட்டை (முட்டை வேண்டாதவர்களுக்கு உருளைக்கிழங்கு)
> வியாழன்: சமையல் இல்லை, யாருக்கும் கழியாது
> வெள்ளி: சோறு, பருப்பு, பீட்ரூட், தயிர்
> சனி: காய்கறிச் சோறு, தயிர் (வேர்க்கடலை சேர்க்கிறோம்)
> லீவு சொல்ல: முந்தைய நாள் மாலை 6 மணிக்குள். துணைக்காய் மட்டும் மாறலாம்.

வேர்க்கடலை, பால், முட்டை, கோதுமை போன்று ஒவ்வாமை தரக்கூடியவை இருந்தால் அந்த நாளிலேயே எழுதிவிடுங்கள். "துணைக்காய் மட்டும் மாறலாம்" என்ற வரியும் அவசியம். சந்தையில் பீட்ரூட் கிடைக்காமல் கேரட் போட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். முட்டை என்று போட்டுவிட்டு வேறு எதையோ கொடுத்தால் வருவார்கள், அது நியாயமும்கூட. முக்கியமான உணவை மாற்ற வேண்டி வந்தால் 6 மணிக்கு முன்னால் தெரிவியுங்கள். 6 மணிக்கு மேல் மாற்றினால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் இரவு 8 மணி வரை லீவு சொல்லலாம் என்று விதியில் எழுதுங்கள். ஊறப்போடுவதற்கு முன் அது உங்களுக்குத் தாங்கும்.

லீவு எந்த நாளில் குவிகிறது என்று நாலு வாரம் குறித்துப் பாருங்கள். வழக்கமாக ஒரு நாளைக்கு 3 பேர் லீவு போடும் இடத்தில் பீட்ரூட் நாளில் மட்டும் 9 பேர் என்றால், அது லீவுப் பிரச்சினை இல்லை, பீட்ரூட் பிரச்சினை. அந்த நாளுக்கு எல்லாருக்கும் பிடித்த ஒன்றைத் துணையாக வையுங்கள், அல்லது அந்தக் காயை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆக்குங்கள். மெனு எதுவானாலும் திங்களும் சனியும் குறைகிறது என்றால் காரணம் வேறு: வேலைக்குப் போகிறவர்கள் சொந்த ஊர் போய் வருகிறார்கள். அப்போது விதியை இறுக்குவதைவிட, திங்கள் முதல் வெள்ளிவரை மட்டும் என்று 20 சாப்பாட்டுச் சந்தா ஒன்றைத் தனியாகக் கொடுப்பது நல்லது. சனிக்கிழமை எத்தனை பேர் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், அவர்களுக்கும் வாரா வாரம் லீவு சொல்லும் தொல்லை இல்லை.

மாணவர்கள் விஷயம் இதற்கு நேர்மாறு. அவர்கள் தனித்தனியாக லீவு எடுப்பது குறைவு, எடுத்தால் எல்லாரும் ஒரே நாளில் எடுப்பார்கள். தேர்வு முடிந்த மறுநாள் 30-ல் 18 டப்பா நின்றுபோகும். அதனால் சேரும்போதே கல்லூரியின் தேர்வு, விடுமுறைத் தேதிகளை வாங்கி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உதவியாளின் விடுப்பையும் அடுப்பு, பாத்திர வேலைகளையும் அந்த வாரத்துக்கே தள்ளுங்கள். மாறாத செலவைக் குறைக்க உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அந்த வாரங்கள்தான். மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் பாதிக்குப் பாதியாக இருந்தால் இந்த அடி குறையும், புதியவர்களைச் சேர்க்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

இவர்களுக்காக நீண்ட லீவு என்று தனியாக ஒன்று வேண்டும். தொடர்ந்து 6 சாப்பாட்டுக்கு மேல் வேண்டாம் என்றால் 3 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அந்த நாட்கள் ஆறு லீவில் சேராது, முடிவுத் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும். ஆனால் ஒரு சந்தாவுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 2 வாரம். அதற்கு மேல் போகிறவருக்குக் கணக்கை முடித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வருவாரா என்று தெரியாத ஒருவருக்காக ஒரு டப்பா இடத்தைக் காலியாக வைத்திருப்பீர்கள்.

கணக்கை முடிக்கும் முறையையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். 24 சாப்பாட்டுச் சந்தாவில் ஒன்று 100 பங்கு, புதிதாகச் சேர்கிறவர் பிடிக்கிறதா என்று பார்க்க வாங்கும் 6 சாப்பாட்டு முன்னோட்டத்தில் ஒன்று 115 பங்கு என்று வையுங்கள். 10 சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஒருவர் விலகினால், சாப்பிட்ட 10-ஐயும் 115 வீதம் போட்டு 1,150 கழியுங்கள். அவர் கட்டிய 2,400-ல் மிச்சம் 1,250-ஐ 7 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். பெரிய சந்தாவுக்கான சலுகையை முழுக்க எடுக்காதவருக்கு அந்தச் சலுகை இல்லை என்பதை எல்லாரும் ஏற்பார்கள். தேதி கடந்த பிறகு மிஞ்சிய சாப்பாட்டுக்குப் பணம் கிடையாது, ஆனால் முடிவுத் தேதிக்கு 5 நாள் முன்னால் "இன்னும் 7 இருக்கிறது" என்று நீங்களே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். தெரியாமல் காலாவதியானதாக நினைப்பவர்தான் உங்களைப் பற்றி நாலு பேரிடம் சொல்வார்.

விதி இருவருக்கும் பொருந்த வேண்டும், இல்லையென்றால் அது நிற்காது. உங்களுக்கு உடம்பு முடியவில்லை, எரிவாயு தீர்ந்துவிட்டது என்று நீங்கள் நிறுத்தினால் சாப்பாடு கழியாது, எல்லாருக்கும் முடிவுத் தேதி ஒரு நாள் தள்ளும். அதையும் மாலை 6 மணிக்கு மேல் சொன்னால், ஒரு சாப்பாடு கூடுதலாகக் கணக்கில் ஏற்றுங்கள். டப்பா 45 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அன்றைய சாப்பாடு கழியாது. இப்படி எழுதியிருந்தால், 6.20-க்கு லீவு சொன்னவரிடம் "கழியும்" என்று தயங்காமல் சொல்லலாம்.

லீவு எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். ஒரே ஒரு எண்ணுக்கு, எழுத்தில், பெயரும் தேதியும் போட்டு வர வேண்டும். டெலிவரிப் பையனிடம் வாய்விட்டுச் சொன்னது செல்லாது, மெனு போடும் பொதுக் குழுவில் எழுதியதும் செல்லாது. குழுவில் 40 செய்திக்கு நடுவே ஒரு லீவு புதைந்துபோவதுதான் தகராறுகளில் பாதிக்குக் காரணம். "நாளை" என்று மட்டும் வந்தால் தேதியைக் கேட்டு வாங்குங்கள், நள்ளிரவு 12.15-க்கு வரும் "நாளை" எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் "செவ்வாய் 9 லீவு பதிவானது, மிச்சம் 14, முடிவு 28" என்று பதில் போட்டால்தான் லீவு உறுதி. ஒவ்வொரு பதிலிலும் மிச்ச எண்ணிக்கை போய்க்கொண்டே இருந்தால் மாதக் கடைசியில் கணக்குக் கேட்க எதுவும் இருக்காது.

இதற்குத் தனிச் செயலி வேண்டியதில்லை, ஒரு விரிதாள் போதும். `A` பத்தியில் பெயர், `B` முடிவுத் தேதி, `C` வாங்கிய சாப்பாடு, `D` மிச்சம், `E` முதல் தேதிகள். மாலை 6 மணிக்குப் பிறகு அடுத்த நாள் பத்தியை நிரப்புங்கள்: சாப்பாடு உண்டு என்றால் `1`, நேரத்தில் சொன்ன லீவு `P`. பிந்திச் சொன்னவருக்கு ஏற்கெனவே இருக்கும் `1`-ஐ `L` ஆக்குங்கள். மிச்சத்துக்கு:

```
=C2-COUNTIF(E2:AH2,1)-COUNTIF(E2:AH2,"L")
```

நாளை எத்தனை டப்பா என்பதற்கு, 30 பேருக்கும் கீழே `E` பத்தியில் இதைப் போட்டு, மற்ற தேதிப் பத்திகளுக்கும் நகலெடுங்கள்:

```
=COUNTIF(E2:E31,1)+COUNTIF(E2:E31,"L")
```

தேதிப் பத்திகள் `AH`-ஐத் தாண்டினால் முதல் வாய்பாட்டின் எல்லையை நீட்டுங்கள், இல்லாவிட்டால் மிச்சம் குறையாமல் அப்படியே நின்றுவிடும். இரண்டாவது எண்தான் இரவு அரிசி அளக்கும்போது உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆளுக்கு 110 கிராம் வேகவைக்காத அரிசி என்று வைத்தால் 30 பேருக்கு 3.3 கிலோ, 24 பேருக்கு 2.64 கிலோ. நேரத்தில் சொன்ன 6 லீவு 660 கிராம் அரிசியை மிச்சம் பிடிக்கிறது, சோறாகப் பார்த்தால் சுமார் ஒன்றே முக்கால் கிலோ. குழம்பில் அந்தக் கணக்கு அப்படியே வராது, 2 பேர் குறைந்தால் குழம்பின் அளவை மாற்ற முடியாது. ஐந்தைந்து பேராகக் குறைத்து 30, 25, 20 என்ற மூன்று அளவுக் குறிப்புகளை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தால், 26 பேர் என்றால் 30-ன் அளவு, 25 என்றால் 25-ன் அளவு என்று உதவியாளே எடுத்துக்கொள்வார்.

இப்போது இருக்கும் 30 பேருக்கு இந்த விதியை நடுவில் திணிக்காதீர்கள். அவரவர் அடுத்த முறை பணம் கட்டும் நாளிலிருந்து பொருந்தும் என்று சொல்லி, விதியை எழுத்தில் அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குப் பழைய கணக்கும் புதிய கணக்கும் சேர்ந்து ஓடும், விரிதாளில் பழையவர்களின் பெயருக்கு வேறு நிறம் கொடுத்தால் போதும். புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் 6 சாப்பாடு முன்னோட்டம். அதில் லீவு கிடையாது. பிடித்தால் 24-க்குக் கட்டட்டும்.